ஏப்ரலிலேயே மொத்தமாக ஃபீஸ் கட்டினால் 5% தள்ளுபடி: கையில் மிஞ்சுவது எவ்வளவு?

கேள்வி: கோயம்புத்தூர்ல ஒரு பிரைவேட் ஸ்கூல்ல பையன் ஆறாவது போறான். வருஷ ஃபீஸ் 1,20,000. மூணு டெர்மா கட்டினா 40,000 வீதம், ஜூன் 10, அக்டோபர் 10, ஜனவரி 10. ஏப்ரல் 30-க்குள்ள மொத்தமா கட்டினா டியூஷன் ஃபீஸ்ல 5% தள்ளுபடின்னு சர்குலர் வந்திருக்கு. டியூஷன் ஃபீஸ் மட்டும் 90,000. எங்ககிட்ட 1,30,000-க்கு எஃப்.டி. ஒண்ணு இருக்கு, 7% வட்டி, ஆகஸ்ட்ல முடியுது. அதை உடைச்சுக் கட்டிடலாமா? வீட்டுக்காரர் பேங்க்ல இருக்கார், இந்த வருஷம் மாற்றல் வந்தாலும் வரலாம்.

பதில்:

தள்ளுபடி மோசமில்லை. ஆனால் அதற்காக எஃப்.டி.யை உடைக்க வேண்டாம். மாற்றல் வருமா வராதா என்பது தெரியாமல் முழுப் பணத்தையும் கட்டவும் வேண்டாம். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே சொல்கிறேன். நான் சில காலம் பள்ளி அலுவலகக் கணக்குப் பார்த்தவன், அதனால் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நடப்பதும் கொஞ்சம் தெரியும்.

சர்குலரில் 5 சதவீதம் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் அது 90,000-க்கு மட்டும்தான். ஆகவே தள்ளுபடி 4,500 ரூபாய். நீங்கள் கொடுக்கப்போவது 1,15,500. மொத்த ஃபீஸோடு ஒப்பிட்டால் இது 3.75 சதவீதம்தான். இங்கேயே பலர், "பேங்க்ல 7 சதவீதம் தர்றான், இவன் நாலு சதவீதம்கூடத் தரலையே, எதுக்குக் கட்டணும்" என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். அது தப்பு. பேங்க் சொல்லும் 7 சதவீதம் பணம் ஒரு முழு வருடம் கிடந்தால் கிடைப்பது. பள்ளியிடம் உங்கள் பணம் ஒரு வருடம் முன்கூட்டிப் போவதில்லை.

எத்தனை மாதம் முன்னால் போகிறது என்று பாருங்கள். ஜூன் டெர்ம் பணத்தை ஏப்ரல் 30-லேயே கொடுத்தால் ஒன்றேகால் மாதத்துக்குக் கொஞ்சம் மேல். அக்டோபர் பணம் ஐந்தேகால் மாதத்துக்குக் கொஞ்சம் மேல். ஜனவரி பணம் எட்டேகால் மாதத்துக்குக் கொஞ்சம் மேல். நாள் கணக்கில் சொன்னால் 41, 163, 255. மூன்றும் சம தொகை என்பதால் சராசரி எடுத்தால் போதும்: 153 நாள், அதாவது ஐந்து மாதம். ஆக 1,20,000 ரூபாயை ஐந்து மாதம் முன்கூட்டிக் கொடுக்கிறீர்கள். வருடக் கணக்குக்கு மாற்றினால், 1,20,000-ஐ ஐந்தால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 50,000. அதாவது 50,000 ரூபாயை ஒரு முழு வருடம் பள்ளிக்குக் கொடுத்து வைப்பதற்குச் சமம். அதற்கு அவர்கள் தரும் கூலி 4,500. ஆக வருடத்துக்கு 9 சதவீதம்.

இந்த 9 சதவீதம்தான் நீங்கள் ஒப்பிட வேண்டிய எண். எந்தப் பள்ளியாக இருந்தாலும் இதே கணக்குதான்: தவணை ஒவ்வொன்றும் எத்தனை மாதம் முன்னால் போகிறது என்று சராசரி எடுத்து, தொகையோடு பெருக்கி, 12-ஆல் வகுத்து, தள்ளுபடியை அதனால் வகுக்க வேண்டும். ஒரு துண்டுச் சீட்டில் முடிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது கடைசித் தேதி. அதே 4,500 தள்ளுபடிதான், ஆனால் உங்கள் பள்ளி ஏப்ரலுக்குப் பதில் "ஜூன் 10-க்குள் மொத்தமாகக் கட்டினால் போதும்" என்று சொன்னால் கணக்கே வேறு. ஜூன் டெர்ம் 40,000-ஐ எப்படியும் அன்றைக்குக் கட்டத்தான் வேண்டும், அதில் முன்பணம் என்று எதுவும் இல்லை. முன்கூட்டிப் போவது மீதி 80,000 மட்டும், அதுவும் நாலு மாதமும் ஏழு மாதமும், சராசரி ஐந்தரை மாதம். வருடக் கணக்கில் 36,700 ரூபாய்க்குப் பக்கம் வரும். 4,500-ஐ அதனால் வகுத்தால் 12 சதவீதத்துக்கு மேல். மாறாக மார்ச் 10-க்குள் கட்டச் சொன்னால் மூன்று, ஏழு, பத்து மாதம் முன்னால் போகும். அப்போது அதே 4,500 வெறும் 6.75 சதவீதம்தான். தள்ளுபடி ஒன்றுதான், தேதி மூன்று மாதம் தள்ளினால் வருமானம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால்தான் சில பள்ளிகள் சதவீதத்தைக் கூட்டாமல் தேதியை மட்டும் வருடா வருடம் முன்னால் நகர்த்துகின்றன. போன வருட சர்குலரை எடுத்து வைத்துத் தேதியைப் பாருங்கள்.

பள்ளி எதற்கு இப்படித் தருகிறது என்று தோன்றலாம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஃபீஸ் வரவு கிடையாது. ஆனால் ஆசிரியர் சம்பளம், வேன் எஃப்.சி., பெயின்ட், புதுப் பெஞ்சு எல்லாம் அப்போதுதான். ஓ.டி.யில் எடுத்தால் வங்கிக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் வட்டி கட்ட வேண்டியிருக்கும். பெற்றோரிடம் 9 சதவீதத்துக்குக் கிடைத்தால் அவர்களுக்கு அது மலிவு. ஜனவரி டெர்முக்காக ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக்கொண்டிருக்கும் வேலையும் மிச்சம். ஆக இது தர்மமும் இல்லை, ஏமாற்றும் இல்லை. அவர்கள் உங்களிடம் வாங்கும் குறுகிய காலக் கடன்.

இனி உங்கள் எஃப்.டி.க்கு வருவோம். அந்த 50,000 வருடக் கணக்கை 7 சதவீதத்தால் பெருக்கினால் 3,500. அதாவது தவணையாகக் கட்டி, மீதிப் பணம் ஒவ்வொரு நாளும் 7 சதவீதத்தில் கிடந்தால், அதிகபட்சம் 3,500 வட்டி வரும். நிஜத்தில் அது முழுதாக வராது. ஆகஸ்டில் முடிந்தபின் அக்டோபர் வரை இரண்டு மாதத்துக்குப் போடும் எஃப்.டி.க்கு 7 யாரும் தரமாட்டார்கள், ஐந்து கிடைத்தால் பெரிது. பணம் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தால் இப்போது பெரிய வங்கிகளில் 2.5 சதவீதம் அளவுதான், அந்தக் கணக்கில் வட்டி 1,250. ஆக மொத்தமாகக் கட்டுவதால் உங்களுக்கு உண்மையில் மிஞ்சுவது 4,500 இல்லை. குறைந்தது 1,000, அதிகபட்சம் 3,250. நடுவில் 2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப்.டி. வட்டிக்கு வரி உண்டு, தள்ளுபடிக்கு வரி கிடையாது. நீங்கள் 20 சதவீத வரி கட்டுகிறவர் என்றால் வட்டியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், மிச்சம் இன்னும் சில நூறு கூடும். வரியே வராத வருமானம் என்றால் இந்த வித்தியாசம் கிடையாது.

இந்த 2,000-ஐ எஃப்.டி.யை உடைத்து எடுத்தால் என்ன ஆகும்? போன ஆகஸ்டில் ஒரு வருடத்துக்குப் போட்டது என்று வைத்துக்கொள்கிறேன், ஏப்ரலோடு எட்டு மாதம் ஓடியிருக்கும். பாதியில் உடைத்தால் வங்கி 7 சதவீதம் தராது. எட்டு மாதத்துக்கு என்று அன்றைக்கு இருந்த வட்டி விகிதத்தைப் பார்க்கும், அது 6 என்று வையுங்கள். அதிலிருந்து அபராதம் என்று அரை அல்லது ஒரு சதவீதம் கழிக்கும். கையில் வருவது 5. அதுவும் ஓடி முடிந்த எட்டு மாதத்துக்கும் சேர்த்துக் குறைப்பார்கள், இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. 1,30,000-க்கு எட்டு மாதத்தில் 2 சதவீதம் குறைந்தால் 1,730 ரூபாய் போச்சு. மிஞ்சும் என்று நினைத்த 2,000 அங்கேயே கரைந்துவிட்டது.

அதற்கு வேறு வழி இருக்கிறது. அதே கிளையில் எஃப்.டி. மேல் கடன் கேளுங்கள். பொதுவாக எஃப்.டி. தொகையில் 90 சதவீதம் வரை தருவார்கள், உங்களுக்கு 1,17,000 வரை கிடைக்கும், தேவைப்படுவது 1,15,500. வட்டி பெரும்பாலும் எஃப்.டி. வட்டியைவிட ஒரு சதவீதம் கூட, அதாவது 8. எஃப்.டி.க்கு 7 வந்துகொண்டேதான் இருக்கும். ஆக உடைக்காமல் வைத்திருப்பதற்கு நீங்கள் கொடுக்கும் விலை ஒரு சதவீத வித்தியாசம் மட்டும், நாலு மாதத்துக்கு 385 ரூபாய். ஆகஸ்டில் எஃப்.டி. முடியும்போது கடனைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். கையெழுத்துப் போட்ட அன்றைக்கே பணம் கணக்கில் வந்துவிடும், நிறைய வங்கிகளில் ஆப்பிலேயே முடிகிறது. இதற்கு டிமாண்ட் லோன் வேண்டாம், ஓ.டி.யாகக் கொடுங்கள் என்று கேட்டால் இன்னும் நல்லது, சம்பளத்தில் மிஞ்சுவதை அவ்வப்போது போட்டு வட்டியைக் குறைத்துக்கொள்ளலாம்.

கடன் வாங்கிக் கட்டுவதென்றால் இது ஒன்றுதான் கட்டுப்படியாகும். 9 சதவீதத்துக்குமேல் எங்கே வாங்கினாலும் நஷ்டம். நகைக்கடன் வங்கியிலேயே ஒன்பதை ஒட்டித்தான் இருக்கும், அடகுக்கடை என்றால் பேச்சே வேண்டாம். ஏலச்சீட்டு போட்டிருப்பவர்கள் ஃபீஸ் நேரத்தில் தள்ளி எடுப்பதைப் பார்க்கிறேன். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை ஆரம்ப மாதங்களில் 15,000, 20,000 தள்ளி எடுத்து 4,500 தள்ளுபடிக்காகக் கட்டுவது என்ன கணக்கோ தெரியவில்லை. சீட்டு தானாக அந்த மாதம் உங்கள் பக்கம் குறைந்த தள்ளில் விழுந்தால் அது வேறு.

பள்ளியே ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியைக் காட்டி "வட்டியே இல்லை, பத்து மாத இ.எம்.ஐ." என்று சொல்லலாம். அதையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். அந்தக் கம்பெனி பள்ளிக்கு மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்கிறது, கொடுக்கும்போது ஒரு பங்கைக் கழித்துக்கொள்கிறது. அதாவது உங்களுக்கு வரவேண்டிய தள்ளுபடியை அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் பேரில் கடன் பதிவாகும், பிராசஸிங் கட்டணம் என்று சிலசமயம் தனியாகவும் கேட்பார்கள். இ.எம்.ஐ.க்கும் தள்ளுபடி உண்டா என்று கவுன்டரில் கேட்டுப்பாருங்கள், "இல்லை" என்ற பதிலிலேயே வட்டி எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னது பணக்கணக்கு. உங்கள் விஷயத்தில் இதைவிடப் பெரியது மாற்றல்.

வங்கி மாற்றல் உத்தரவுகள் பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் வரும். பள்ளி வைத்திருக்கும் தேதி ஏப்ரல் 30. நீங்கள் கட்டி இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தால், பையன் ஒரு நாள்கூட அந்த வகுப்பில் உட்காராமல் 1,15,500 ரூபாய் பள்ளியிடம் நிற்கும். தவணை வழியில் போயிருந்தால் அன்றைய தேதிக்கு நீங்கள் கட்டியிருப்பது பூஜ்யம். பள்ளி டைரியின் பின்பக்கத்தில் "ஒருமுறை கட்டிய கட்டணம் திருப்பித் தரப்படாது" என்ற வரி அநேகமாக இருக்கும். கேட்டால் ஒரு பகுதியைத் தருகிற பள்ளிகளும் உண்டு, அந்த இடத்துக்கு வேறு பிள்ளை சேர்ந்த பிறகு தருகிறேன் என்பவர்களும் உண்டு, அந்த வரியைக் காட்டி அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு. தர முடிந்தாலும் முதலில் தள்ளுபடியைக் கழித்துவிட்டுத்தான் மீதியைப் பேசுவார்கள்.

ஜூனில் உத்தரவு வராமல் வருட நடுவில் வந்தால்கூட இதே கதைதான், தொகை மட்டும் குறையும். டிசம்பரில் ஊர் மாறினால் ஜனவரி டெர்ம் 40,000 திரும்பாது என்று வைத்துக்கொள்வோம். 2,000 மிச்சம் பிடிக்க 40,000-ஐப் பணயம் வைக்கிறீர்கள். 2,000 என்பது 40,000-ல் இருபதில் ஒரு பங்கு. ஆகவே ஜனவரிக்குள் பள்ளி மாற இருபதில் ஒரு வாய்ப்புக்குமேல் இருந்தால் மொத்தமாகக் கட்டுவது கட்டுப்படியாகாது. மிச்சம் 1,000 மட்டும் என்றால் நாற்பதில் ஒரு வாய்ப்பே போதும் கணக்கைக் கவிழ்க்க. உங்கள் வீட்டுக்காரருக்கு இந்தக் கிளையில் மூன்று வருடம் ஆகிவிட்டது என்றால் அந்த வாய்ப்பு இருபதில் ஒன்றைவிட எத்தனையோ மடங்கு அதிகம். போன வருடம்தான் இங்கே வந்தார் என்றால் நிலைமை வேறு. இதை என்னைவிட அவருக்குத்தான் தெரியும், அவரிடமே கேளுங்கள்.

இப்படி நடக்குமா என்று கேட்பவர்களுக்கு 2020-ஐ நினைவுபடுத்துகிறேன். பள்ளிகள் மூடியிருந்தபோது சென்னை உயர் நீதிமன்றம், தனியார் பள்ளிகள் முதலில் 40 சதவீதமும், பிறகு 35 சதவீதமுமாக மொத்தம் 75 சதவீதக் கட்டணம் வாங்கலாம் என்று சொன்னது. பணத்தைக் கையில் வைத்திருந்தவர் அந்த 75-ஐக் கட்டிவிட்டு நிற்கலாம். முழுதாகக் கட்டிவிட்டவர் மீதியைக் கேட்டு வாங்க வேண்டிய இடத்தில் இருப்பார். அப்படி ஒரு வருடம் மறுபடி வரும் என்று சொல்லவில்லை. பணம் யார் கையில் இருக்கிறது என்பதற்கும் ஒரு விலை உண்டு, அது சர்குலரில் வராது.

உங்களுக்கு இப்போது நான் சொல்லும் யோசனை இதுதான். சர்குலரை எடுத்துக்கொண்டு நேராக அக்கவுன்ட்ஸ் பிரிவுக்குப் போங்கள். வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பயனில்லை. "வீட்டுக்காரருக்கு வங்கி வேலை, ஜூன் பத்தாம் தேதிவரை டைம் கொடுங்கள், முதல் டெர்மோடு சேர்த்து மொத்தமாகக் கட்டிவிடுகிறேன், தள்ளுபடியை அப்படியே கொடுங்கள்" என்று கேளுங்கள். முழுதாகத் தர முடியாது என்றால் 3 சதவீதம் கேளுங்கள். ஜூனில் 3 சதவீதம் என்றால் 2,700 ரூபாய், கணக்கில் 7.4 சதவீதம் வரும், உங்கள் எஃப்.டி.யை விடக் குறைவில்லை, அதற்குள் மாற்றல் சங்கதியும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். கரஸ்பாண்டென்ட் கையெழுத்துப் போட்டால் நடக்கிற விஷயம்தான். அதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், பிள்ளை ஊர் மாறிப்போனால் நடக்காத டெர்முக்கான பணம் திரும்பும் என்று பள்ளியின் மின்னஞ்சலிலிருந்து ஒரு வரி வாங்குங்கள். வாயால் "அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்" என்றால் கணக்கில் எடுக்காதீர்கள். அந்த வரி கிடைத்தால் எஃப்.டி. மேல் கடன் வாங்கி ஏப்ரலிலேயே கட்டலாம். கிடைக்காவிட்டால் டெர்ம் டெர்மாகக் கட்டுங்கள், நீங்கள் விடுவது 2,000 ரூபாய்தான்.

இந்த 1,30,000 தவிர வேறு சேமிப்பு இல்லை என்றாலும் என் பதில் டெர்ம் டெர்மாகக் கட்டுவதுதான். ஜூலையில் யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு வந்து பர்சனல் லோன் எடுத்தால் இரண்டு மாத வட்டியிலேயே இந்த மிச்சம் போய்விடும்.

கட்டுவதென்று முடிவானால் எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். பள்ளி போர்ட்டலில் கிரெடிட் கார்டு போட்டால் கேட்வே கட்டணம் 1.2 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று வந்தால் 1,15,500-க்கு 1,635 ரூபாய். தள்ளுபடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போகும். நெஃப்ட், டி.டி. அல்லது யுபிஐயில் கட்டுங்கள். யுபிஐயில் சாதாரணமாக ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும், ஆனால் கல்வி நிறுவனமாகப் பதிவான கணக்குக்கு ஐந்து லட்சம் வரை போகும். பள்ளியின் கியூஆர் அப்படிப் பதிவாகியிருக்கிறதா என்று முதல் நாளே ஒரு தடவை கேட்டுவிடுங்கள், ஏப்ரல் 30 மாலை ஐந்து மணிக்கு லிமிட் தாண்டிவிட்டது என்று வந்து நின்றால் தள்ளுபடியும் போகும்.

வரி விஷயம் ஒரு வார்த்தை. பழைய வரி முறையில் 80சி-யில் காட்டுகிறவர் என்றால், டியூஷன் ஃபீஸ் எந்த நிதியாண்டில் கட்டினீர்களோ அந்த ஆண்டுக்குத்தான் சேரும். ஏப்ரல் 30-ல் கட்டினாலும் தவணையில் கட்டினாலும் ஜனவரிக்குள் முடிவதால் உங்களுக்கு வித்தியாசமில்லை. மார்ச்சில் கட்டச் சொல்லும் பள்ளி என்றால்தான் சிக்கல், இரண்டு வருட ஃபீஸ் ஒரே நிதியாண்டில் விழுந்து ஒன்றரை லட்ச வரம்பைத் தாண்டலாம். புதிய வரி முறையில் இந்தக் கழிவே இல்லை, விட்டுவிடுங்கள்.

ரசீதில் டியூஷன் ஃபீஸ் 90,000, தள்ளுபடி 4,500, வாங்கியது 1,15,500 என்று மூன்றும் தனித்தனியாக வர வேண்டும். சில இடங்களில் 1,20,000 முழுதாக வாங்கிக்கொண்டு "4,500-ஐ அடுத்த வருட ஃபீஸில் கழித்துக்கொள்கிறோம்" என்பார்கள். உங்களைப் போல ஊர் மாறும் வாய்ப்புள்ளவர்களுக்கு அந்தத் தள்ளுபடியால் ஒரு பயனும் இல்லை. இன்னொன்று, தனியார் பள்ளிகள் கட்டண நிர்ணயக் குழு 2009-ம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயித்திருக்கும், ஆணைகள் இணையத்தில் கிடைக்கும். தள்ளுபடி போக வரும் தொகையை அதோடும், போன வருட ரசீதோடும் வைத்துப் பாருங்கள். ஃபீஸை ஏற்றிவிட்டு ஏற்றியதில் பாதியைத் தள்ளுபடி என்று தருகிற பள்ளிகள் உண்டு.

மாற்றல் வராமல் அடுத்த வருடமும் இங்கேயே இருந்தால், இந்த மே முதல் வாரத்திலேயே மாதம் 9,300 ரூபாய் வீதம் ஒரு வருட ஆர்.டி. ஒன்று தொடங்கிவிடுங்கள். 6.5 சதவீதம் கிடைத்தால் அது அடுத்த மே முதல் வாரத்தில் 1,15,500-ஐத் தொட்டுவிடும். ஏப்ரல் 30-க்கும் அதற்கும் நடுவில் இருக்கும் நாலைந்து நாளுக்கு ஒரு கடிதம் எழுதி டைம் வாங்குவது கஷ்டமில்லை. ஏப்ரல் முதல் தேதியிலேயே ஆர்.டி.யைத் தொடங்க முடிந்தால் அந்தக் கடிதமும் தேவைப்படாது.